கனமான பட்டுக்கு உள்ளே என்ன போடுவது

"வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரம் நடக்கிற சடங்கு. முழு நேரமும் கனமான பட்டுப் புடவையில் இருக்க வேண்டும். போன முறை பாதியிலேயே தலை சுற்றிவிட்டது. உள்ளே துணியைக் குறைத்தால் சூடு குறையுமா? ரவிக்கையை லைனிங் இல்லாமல் தைக்கலாமா?"

லைனிங்கை எடுத்துவிடாதீர்கள், மாற்றுங்கள். உள்ளே சரியான பருத்தித் துணி இருந்தால், ஒன்றுமே இல்லாததைவிட உடம்புக்குச் சுகமாக இருக்கும். தவறான துணி இருந்தால் பட்டைவிட அதுதான் உங்களைப் படுத்தும். ரவிக்கை தைப்பதும் புடவை கட்டிவிடுவதும் என் தொழில். பட்டில் அவதிப்பட்டவர்கள் கழற்றிக் கொடுக்கும் துணிகளைத் திருப்பிப் பார்த்தால், அநேகமாகக் குற்றவாளி உள்பக்கத்தில்தான் இருக்கும்.

பட்டு நூல் ஈரத்தை நன்றாகவே இழுக்கும். சாதாரணக் காற்று ஈரப்பதத்தில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பருத்தி சுமார் 8 சதவீதம். பாலியஸ்டரில் அது அரை சதவீதம்கூடக் கிடையாது. அப்படியானால் பட்டில் ஏன் வேகிறது? நெசவு நெருக்கம், ஜரிகை, அடுக்கு. இந்த மூன்றும்தான் காற்றை மறிக்கின்றன. கனமான புடவை முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். அந்த எடையில் பெரும்பகுதி இடுப்பில் ஓர் இடத்தில் தொங்குகிறது.

நம் உடம்பு குளிர்வது வியர்ப்பதால் இல்லை, வியர்வை ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து ஓடினால் பெரிதாக எந்தப் பயனும் இல்லை, நீர்தான் குறையும். வெறும் தோலின் மேல் பட்டு ஒட்டினால், அந்த ஒட்டிய இடத்தில் காற்றும் இல்லை, வியர்வை பரவ இடமும் இல்லை. நடுவில் மெல்லிய பருத்தி இருந்தால், ஓரிடத்தில் சுரந்த வியர்வையை அது உறிஞ்சி அகலமாகப் பரப்பும். தோலுக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியும் கிடைக்கும்.

இங்கே பலர் கேட்பது, விளையாட்டு வீரர்கள் போடுகிறார்களே, வியர்வையைக் கடத்தும் செயற்கைத் துணி, அதை உள்ளே போடலாமா என்று. அந்தத் துணி வேலை செய்வது அதன் வெளிப்பக்கத்தில் காற்று படுவதால். மேலே ஜரிகைப் பட்டு மூடியிருக்கும்போது கடத்திய வியர்வை போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மூடிய இடத்துக்கு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துணிதான் வேண்டும். பருத்தி, லினன், இரண்டும் இல்லையென்றால் மரக்கூழ் நூலான மோடாலில் வரும் பனியன் துணி.

முதலில் ரவிக்கை.

லைனிங்குக்கு மல் துணி அல்லது மெல்லிய கேம்ப்ரிக் கேளுங்கள். "காட்டன் லைனிங்" என்று சொல்லிக் கொடுப்பதில் பாதிக்குப் பாதி பாலியஸ்டர் கலந்ததும் உண்டு. கையால் தொட்டால் வித்தியாசம் தெரியாது. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவித் திரித்து, தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். சுத்தப் பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகி, விரலால் தொட்டால் உதிரும். கலப்படமாக இருந்தால் ஆறினதும் நுனியில் கெட்டியாக ஒரு உருண்டை நிற்கும். இன்னொரு சோதனை, துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவது. உடனே பரவ வேண்டும். முத்தாக நின்றால் ஒன்று அது செயற்கை, இல்லாவிட்டால் ஆலைக் கஞ்சி இன்னும் போகவில்லை. கஞ்சிதான் காரணமென்றால் இரண்டு முறை வெந்நீரில் அலசினால் சரியாகிவிடும். துணியை மிருதுவாக்கும் திரவம் மட்டும் சேர்க்காதீர்கள். அது நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்து உறிஞ்சும் சக்தியைக் குறைத்துவிடும்.

இந்த அலசல் தைப்பதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும், ஏனென்றால் பருத்தி சுருங்கும். பட்டு அவ்வளவு சுருங்காது. அலசாமல் தைத்துவிட்டால், முதல் வியர்வையிலும் முதல் துவைப்பிலும் லைனிங் மட்டும் இழுத்துக்கொண்டு, வெளியே பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை, பிரித்துத்தான் தைக்க வேண்டும். லைனிங் துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுத் தையற்காரரிடம் நீங்களே கொடுத்துவிடுவது நல்லது.

எல்லா இடத்துக்கும் லைனிங் வேண்டியதில்லை. உடல் பகுதிக்கு வேண்டும். கைப்பகுதியில் அக்குளிலிருந்து மூன்று விரற்கடை வரைக்கும் இருந்தால் போதும், அதற்குக் கீழே விட்டுவிடலாம். கையின் ஓரத்தில் ஜரிகைக் கரை இருந்தால் அதன் பின்பக்கம் மட்டும் ஒரு மல் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஈரமான தோலில் ஜரிகை உரசினால் ஒரு மணி நேரத்தில் தடித்துவிடும்.

அப்புறம் கேன்வாஸ். கழுத்தும் முதுகும் விறைப்பாக நிற்க, பசை தடவிய துணியை இஸ்திரியால் ஒட்டிவிடுவார்கள். பசை உருகி நூல்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டைகளை அடைத்துவிடும். முதுகு முழுக்க அப்படி ஒட்டினால் அந்த இடத்தில் காற்று நுழையவே நுழையாது. கழுத்து ஓரத்தில் ஓர் அங்குலப் பட்டையாக மட்டும் இருக்கட்டும். நுரை வைத்த கப்பும் இதே கதைதான். அந்த நுரை வெப்பத்தை விடாது. கப் கட்டாயம் வேண்டுமென்றால் உள்ளே பிரா இல்லாமல் கப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரா போடுவதென்றால் கப் இல்லாத பருத்தி பிரா. இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் தாங்காது.

அக்குளுக்கு வியர்வைப் பட்டை. இதைக் கடையில் வாங்குவதைவிட வீட்டில் தைப்பதையே நான் விரும்புகிறேன். கடைப் பட்டைகளில் பலவற்றின் பின்புறம் பிளாஸ்டிக் படலம் இருக்கும். அது பட்டுத் துணியைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. மல் துணியில் பிறை வடிவத்தில், ஐந்து அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலத்தில் வெட்டுங்கள். நடுவில் பழைய டெரி டவல் துண்டு ஒன்று. ஒரு பக்கத்துக்கு இப்படி இரண்டு பிறை வேண்டும். உள்வளைவில் சேர்த்துத் தைத்தால், ஒன்று ரவிக்கையின் பக்கவாட்டிலும் ஒன்று கையின் உள்பக்கமும் படியும். சேர்ந்த தையல், ரவிக்கையின் அக்குள் தையல்மேல் உட்கார வேண்டும். நாலு இடத்தில் தொங்குதையல் அல்லது சின்ன பிரஸ் பட்டன் போதும். சடங்கின் நடுவில் ஈரப் பட்டையைக் கழற்றி உலர்ந்த ஒன்றை மாட்ட இரண்டு நிமிடம்தான் ஆகும். அதனால் இரண்டு ஜோடி தைத்துக்கொள்ளுங்கள்.

மார்புக்குக் கீழே வரும் பட்டி பலர் கவனிக்காத இடம். ரவிக்கை தூக்காமல் இருக்க அதை இறுக்கமாகப் பிடித்துத் தைக்கிறார்கள். மேலிருந்து வழியும் வியர்வை எல்லாம் அங்கேதான் தேங்குகிறது, வேர்க்குரு முதலில் வருவதும் அங்கேதான். உட்கார்ந்த நிலையில் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். நின்றுகொண்டு அளவு பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், உட்காரும்போது விலாப்பகுதி விரியும்.

இப்போது இடுப்பு. என் அனுபவத்தில் தலைசுற்றலின் ஆரம்பம் பெரும்பாலும் இங்கேதான்.

கொசுவத்தில் ஏழு மடிப்பு வைத்தால், ஒரு மடிப்புக்கு இரண்டு துணி என்று அதுவே பதினான்கு. முதல் சுற்று ஒன்று, உள்பாவாடை ஒன்று, மேலே சுற்றிவரும் முந்தானைப் பகுதி ஒன்று. ஆக தொப்புளுக்கு நேரே பதினேழு அடுக்கு இருக்கிறது. இந்த இடத்தில் எந்த உள்துணியும் அற்புதம் செய்யாது. செய்யக்கூடியது, அந்தப் பதினேழோடு இன்னொன்று சேராமல் பார்த்துக்கொள்வது, இறுக்கத்தைப் பரப்பிவிடுவது.

உள்பாவாடையின் நாடா மெல்லிய கயிறாக இருந்தால் புடவை எடையில் பெரும்பகுதி அந்தக் கோட்டில் விழும். அந்த எடைக்குப் புடவை நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கிக் கட்டுவீர்கள். வயிறு அமுங்க, மூச்சு மேலோட்டமாகும். நான் தைப்பது இப்படி: மேலே இரண்டரை அங்குல அகலத்தில் இரட்டை பாப்ளின் பட்டை, அதற்குள்ளே ஓர் அங்குல அகலமான தட்டை நாடா. பாப்ளின் நெருக்கமான துணி, பின் குத்தினாலும் எடை இழுத்தாலும் கிழியாது. அதற்குக் கீழே கால் பகுதி முழுவதும் வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணி அல்லது கேம்ப்ரிக். பாவாடை முழுவதையும் மல்லில் தைத்தால் பின் குத்தின இடத்தில் கிழிந்துவிடும், முழுவதையும் பாப்ளினில் தைத்தால் தொடையில் கனக்கும். அதனால்தான் இரண்டு துணி. முடிச்சு இடப்பக்கமாக வரட்டும். முன்னால் வந்தால் கொசுவத்துக்கு அடியில் அழுத்தும்.

கால் பகுதி ஆறு துண்டு வைத்துத் தைத்ததாக, கீழே விரிந்திருக்க வேண்டும். நடக்கும்போதும் எழும்போதும் கீழிருந்து காற்று உள்ளே போக அதுதான் வழி. சாட்டின் பாவாடை வழுக்கும், புடவை பிடித்து நிற்காது, ஈரமும் இழுக்காது. கனமான பட்டுக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் ஷேப்வேர் பாவாடையைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். ஒல்லியாகக் காட்டும், புகைப்படத்தில் அழகாக இருக்கும், உண்மை. ஆனால் அநேகமாக அது நைலானும் எலாஸ்டிக்கும் சேர்ந்த துணி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை தோலோடு ஒட்டி நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை, கழிப்பறைக்குப் போக அதை உரித்து இறக்க வேண்டியிருப்பது. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். வியர்த்துக்கொண்டே இருக்கும் உடம்புக்கு நீர் இல்லை, இடுப்பும் இறுக்கம், மேலே அனல். மயக்கம் வராமல் என்ன செய்யும்? சாதாரணப் பாவாடை என்றால் புடவையோடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளலாம். போன முறை நீங்கள் எதைக் கட்டியிருந்தீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

தரையில் சம்மணமிட்டு அதிக நேரம் உட்கார வேண்டியிருந்தால் தொடைகள் உரசும். பனியன் துணியில், கால் சற்றுத் தளர்ந்த, முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம். இது கூடுதல் அடுக்குதான், ஆனாலும் தோலும் தோலும் ஈரத்தோடு உரசுவதைவிட மேல். இடுப்புப் பட்டை மட்டும் நாடாவுக்குக் கீழே நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று வரக்கூடாது.

ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் சடங்கு. முதல் நாள் கருநீலப் பட்டு ரவிக்கை, முழங்கை வரை கை, முதுகு முழுக்கக் கேன்வாஸ், சாட்டின் லைனிங், நுரை கப், ஷேப்வேர் பாவாடை. ஒன்றரை மணி நேரத்தில் முகம் வெளுத்து, எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சாயங்காலம் அந்த ரவிக்கையை என்னிடம் கொடுத்தார்கள். வெளிப்பக்கம் பட்டு காய்ந்திருந்தது. திருப்பினால் சாட்டின் பளபளவென்று ஈரம், கையை வைத்தால் ஒட்டியது. வியர்வை துணிக்குள்ளேயே போகவில்லை, தோலுக்கும் சாட்டினுக்கும் நடுவில் நின்றிருக்கிறது. அவர் இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக்கின் தடம், மார்புப் பட்டிக்குக் கீழே சிவந்த பொரிகள்.

மறுநாளுக்கு வேறு ரவிக்கை தைக்க நேரமில்லை. அதனால் அன்று ராத்திரி செய்தது இவ்வளவுதான். கை லைனிங்கைக் கரைக்கு மேலே வெட்டி எடுத்தோம். முதுகுப் பக்க லைனிங்கை ஒட்டிய கேன்வாஸோடு பிரித்து எடுத்துவிட்டு, பழைய மல் துப்பட்டாவிலிருந்து வெட்டிக் கைத்தையலில் வைத்தோம். துவைத்துத் துவைத்துப் பழசான மல் இதற்கு மிகப் பொருத்தம், சுருங்குவதற்கும் அதில் இனி ஒன்றுமில்லை. முன்பக்கத்தைப் பிரித்தால் வடிவம் கெடும் என்பதால் அதைத் தொடாமல், கப்பை மட்டும் எடுத்துவிட்டுப் பருத்தி பிரா போடச் சொன்னேன். மார்புப் பட்டியில் ஒரு தையலை விட்டுக்கொடுத்தோம். அவருடைய தினசரிப் பருத்திப் பாவாடைக்கு மேலே இரட்டை மடிப்புப் பட்டை வைத்தோம். அக்குள் பட்டை இரண்டு ஜோடி.

மறுநாளும் வியர்த்தது, அதே அளவுதான் இருக்கும். ஆனால் முதுகில் வழியவில்லை. நடுவில் ஒருமுறை அக்குள் பட்டை மாற்றினோம். தயங்காமல் தண்ணீர் குடித்தார், இருமுறை எழுந்துபோய் வந்தார். கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கொசுவத்துக்கு அடியில் மட்டும் பாவாடை நனைந்துதான் போயிருந்தது. அந்த இடத்துக்கு என்னிடம் இதுவரை மருந்து இல்லை.

பருத்திக்கும் ஓர் எல்லை உண்டு. அது நிரம்பிவிட்டால் ஈரத்துணியாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். காற்று உலர்ந்திருக்கும் ஊரில் அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. புழுக்கமான இடத்தில் ஆவியாவது மிகவும் குறைவு என்பதால், இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்துணி கனத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல துணி என்பதைவிட மாற்றுத்துணிதான் காப்பாற்றும். இடைவேளை எங்கே வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அப்போது பட்டையை மாற்றுங்கள், முதுகை உலர்ந்த மல் துண்டால் ஒற்றுங்கள். மின்விசிறியை முன்னால் வைப்பதைவிட முதுகுப் பக்கம் வைப்பது பயன்படும். முன்னால் முந்தானையும் கொசுவமும் மூடியிருக்கின்றன. முதுகிலோ ரவிக்கைக்குக் கீழே கொஞ்சம் தோல் திறந்திருக்கிறது, காற்று நேரே படும்.

பவுடரைக் கொட்டாதீர்கள். ஈரத்தில் அது பசையாகி, லைனிங்கின் ஓட்டைகளை அடைக்கும். வியர்வை நாற்றத்துக்கான மருந்து போட்டால் நன்றாகக் காய்ந்தபிறகு ரவிக்கை போடுங்கள். அதில் இருக்கும் அலுமினிய உப்பு பட்டு நூலை அரிக்கும்.

நாள் நெருங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, உள்ளே வெளியே எல்லாம் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு மணி நேரம் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். பாதி நேரம் தரையில், பாதி நேரம் நாற்காலியில். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த கோடு இருக்கும் இடம் இறுக்கம், தையல் பிரிக்க வேண்டும். பொரி இருக்கும் இடம் உரசல், அங்கே மல் பட்டை வேண்டும். லைனிங் ஒரே இடத்தில் சொட்டச் சொட்ட நனைந்து சுற்றிலும் காய்ந்திருந்தால் துணி ஈரத்தைப் பரப்பவில்லை, கஞ்சி போகவில்லை அல்லது கலப்படம். கருநிறப் பாவாடையாக இருந்தால் ஈரக் கையைத் துடைத்துச் சாயம் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வியர்வையில் இளகும் சாயம் புடவையின் உள்சுற்றில் ஏறினால் போகாது.

அன்றைக்கு உட்கார்ந்திருக்கும்போது தலை கிறுகிறுத்தாலோ, குமட்டினாலோ, உள்ளே என்ன துணி என்பதெல்லாம் அப்புறம். உடனே எழுந்து நிழலுக்குப் போய்ப் படுத்து நாடாவைத் தளர்த்துங்கள், மார்புப் பட்டிக் கொக்கியைக் கழற்றுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, சுற்றி நடப்பது புரியாமல் போனாலோ, உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் பக்கத்தில் உட்காரும் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களுக்கே சொல்ல வராது.

முடிந்ததும் ரவிக்கையை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டாம். அக்குள் பட்டைகளைக் கழற்றித் துவைத்துவிட்டு, ரவிக்கையைத் திருப்பிப் போட்டு நிழலில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். வியர்வை உப்பு பட்டிலேயே தங்கினால் நூல் இற்றுப்போகும். லைனிங் அதைப் பெரும்பாலும் தன்னிடமே வாங்கி வைத்திருக்கும், அதனால் உள்பக்கத்தை மட்டும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்தால் போதும்.